குழாயின் வெப்ப இழப்புக் கணக்கு: தப்பான விடையை வைத்தே தப்பைக் கண்டுபிடிப்பது

ஹீட் டிரான்ஸ்ஃபர் தாளில் வரும் தப்புகளில் பெரும்பாலானவை புரியாமல் வருபவை அல்ல. ஃபார்முலா சரியாக இருக்கும், படிகளும் சரியாக இருக்கும், விடை மட்டும் எங்கோ போய் நிற்கும். பல முறை இதில் அடிபட்ட பிறகு நான் கவனித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு அலகுத் தப்பும் விடையில் தனக்கென ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும், 2.3 மடங்கு, 3.6 மடங்கு, 1000 மடங்கு என்று. அந்தத் தடயம் தெரிந்திருந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டாம், எந்த வரியில் பிசகியது என்று நேராக அங்கே போய்விடலாம்.

இதற்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். மூன்று வகை வெப்பப் பரிமாற்றமும் அதில் வருகிறது, தேர்வில் அடிக்கடி கேட்கும் வகையும்கூட. ஓர் அறைக்குள் கிடைமட்டமாகப் போகும் நீராவிக் குழாய், வெளிவிட்டம் 60 mm, மேற்பரப்பு வெப்பநிலை 150°C, அறைக் காற்றும் சுவர்களும் 30°C, குழாய் மேற்பரப்பின் எமிசிவிட்டி 0.8. ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு வெப்பம் போகிறது? அதன்மேல் 40 mm தடிமனுக்கு கிளாஸ் வுல் சுற்றினால் எவ்வளவாகக் குறையும்?

சரியான விடைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலேஷன் இல்லாமல் காற்றோட்டத்தால் சுமார் 178 W/m, கதிர்வீச்சால் சுமார் 202 W/m, மொத்தம் 380 W/m. இன்சுலேஷன் போட்ட பிறகு சுமார் 33 W/m. இனி இந்த எண்கள் வராமல் வேறு என்ன வரும், ஏன் வரும் என்று பார்ப்போம்.

அறிகுறி: கதிர்வீச்சு 4 W/m என்று வருகிறது

இது செல்சியஸ் தப்பு. ஃபார்முலா இதுதான்:

```
q = ε σ (T1⁴ − T2⁴)
σ = 5.67 × 10⁻⁸ W/m²K⁴
```

இதில் T கெல்வினில்தான் போக வேண்டும். 423-உம் 303-உம் போட்டால் சதுர மீட்டருக்கு 1070 W வரும், அதை ஒரு மீட்டர் குழாயின் பரப்பான 0.1885 m²-ஆல் பெருக்கினால் 202 W. 150-உம் 30-உம் போட்டால் 4.3 W. ஒரு மீட்டர் நீளமுள்ள 150 டிகிரிக் குழாய், பக்கத்தில் நின்றாலே முகத்தில் அனல் அடிக்கும், அது 4 வாட்தான் கதிர்வீசுகிறது என்று விடை வந்தால் அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்த வேண்டும்.

அதைவிடச் சின்னதாக, 1.8 W போல வந்தால் தப்பு வேறு: வெப்பநிலைகளைக் கழித்துவிட்டு பிறகு நான்காம் அடுக்கு எடுத்திருக்கிறீர்கள், அதாவது (150 − 30)⁴. கெல்வினுக்கு மாற்றியிருந்தாலும் இந்தத் தப்பு அப்படியே வெளியே வரும், ஏனென்றால் வித்தியாசம் இரண்டு அளவிலும் 120-தான். கால்குலேட்டரில் எளிதாகப் போட ஒரு வழி: T-யை 100-ஆல் வகுத்து, 4.23⁴ − 3.03⁴ என்று போட்டு, 5.67-ஆல் பெருக்குங்கள். 10⁻⁸-உம் 100⁴-உம் ஒன்றையொன்று அடித்துவிடும், பத்தின் அடுக்கில் தவறவே வாய்ப்பில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கெல்வின் பயம் பிடித்து, காற்றோட்டத்திலும் வெப்பநிலை *வித்தியாசத்தோடு* 273-ஐக் கூட்டி 393 என்று போடுவது. அப்போது 178-க்குப் பதிலாக 585 W/m வரும், 3.3 மடங்கு. 150°C-க்கும் 30°C-க்கும் உள்ள இடைவெளி 120°C, அதுவே 120 K-உம். அதனால்தான் டேட்டா புக்கில் ஓரிடத்தில் W/m²K என்றும் இன்னோரிடத்தில் W/m²°C என்றும் இருந்தாலும் எண் மாறுவதில்லை. வெப்பநிலை தனியாக நின்றால் (T⁴ போல, கீழே வரும் 1/T போல) கெல்வின் கட்டாயம், வித்தியாசமாக நின்றால் எதுவானாலும் சரி.

அறிகுறி: மொத்த விடை ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது

380 வர வேண்டிய இடத்தில் 178 வந்தால் கணக்கில் தப்பு இல்லை, கதிர்வீச்சையே விட்டுவிட்டீர்கள். "150 டிகிரிதானே, கதிர்வீச்சு எல்லாம் உலைக்குத்தான்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது விசிறி அடிக்கும் இடத்துக்குப் பொருந்தலாம். காற்று தானாக மேலெழும் இயற்கைச் சலனத்தில் h மிகச் சின்னது, இங்கே சுமார் 7.9 W/m²K. கதிர்வீச்சையும் அதே மாதிரி h ஆக்கிப் பார்த்தால், 1070-ஐ 120-ஆல் வகுக்க 8.9 W/m²K. கதிர்வீச்சுதான் பெரியது! ஆக, கேள்வியில் எமிசிவிட்டி கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை.

இங்கே ஒரு அனுமானத்தையும் எழுதிவிட வேண்டும்: குழாயைச் சுற்றியுள்ள சுவர்கள் குழாயைவிட மிகப் பெரியவை, காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன, குழாயின் மேற்பரப்பு சாம்பல் பரப்பு. இந்த மூன்றும் இருந்தால்தான் மேலே எழுதிய எளிய ஃபார்முலா. சின்ன உறைக்குள்ளே ஒரு குழாய் என்றால் இரண்டு பரப்பின் எமிசிவிட்டியும் உள்ளே வரும்.

சில கேள்விகளில் "காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்ந்த வெப்பப் பரிமாற்றக் கெழு" என்று ஒரே h கொடுப்பார்கள். அப்போது கதிர்வீச்சைத் தனியாகச் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கேள்வியின் அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள்.

அறிகுறி: கிராஷாஃப் எண் 1.43 அல்லது 0.00000143

இதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். h = 7.9 எங்கிருந்து வந்தது? மேற்பரப்பு 150, காற்று 30, சராசரி 90°C. காற்றின் பண்புகளை இந்த ஃபிலிம் வெப்பநிலையில்தான் எடுக்க வேண்டும், 30-இலும் இல்லை 150-இலும் இல்லை. டேட்டா புக்கில் 90°C காற்றுக்கு கைனமேட்டிக் விஸ்காசிட்டி 22.10, பிராண்டில் எண் 0.690, கடத்துதிறன் 0.03128 W/mK.

அந்த 22.10-க்கு மேலே பத்தித் தலைப்பில் ν × 10⁶ என்று இருக்கும். கண் கீழே இருக்கும் எண்ணைப் பிடிக்கும், தலைப்பைத் தாண்டிவிடும். அதன் பொருள், ν-ஐ 10⁶-ஆல் பெருக்கியதால் 22.10 கிடைத்தது, ஆக உண்மையான ν = 22.10 × 10⁻⁶ m²/s. அவசரத்தில் இதைத் தலைகீழாக எடுத்து 22.10 × 10⁶ என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

```
Gr = g β ΔT D³ / ν²
   = 9.81 × (1/363) × 120 × 0.06³ / (22.10×10⁻⁶)²
   = 1.43 × 10⁶
```

ν இங்கே வர்க்கத்தில் இருப்பதால் தப்பு பெரிதாகிவிடும். 10⁻⁶-ஐ முழுக்க மறந்தால் 1.43 × 10⁻⁶ வரும். நினைவிருந்தும் வர்க்கம் எடுக்கும்போது 22.10-ஐ மட்டும் வர்க்கப்படுத்தி 10⁻⁶-ஐ அப்படியே விட்டால் 1.43 வரும். முன்னால் உள்ள இலக்கங்கள் மூன்று விடையிலும் ஒன்றுதான், அதனால் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் சரி என்றே தோன்றும். விட்டத்தை மில்லிமீட்டரிலேயே போட்டுவிட்டால் 1.43 × 10¹⁵, ஏனென்றால் 1000-இன் கனம் 10⁹.

எப்படித் தெரிந்துகொள்வது? காற்றில், சில சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு, நூறு டிகிரி வித்தியாசத்தில் கிராஷாஃப் எண் பத்து லட்சத்தின் பக்கத்தில்தான் இருக்கும். ஒற்றை இலக்கம் வந்தால் ν-ஐப் பாருங்கள், 10¹⁵ போல வந்தால் D-ஐப் பாருங்கள்.

நாலு மடங்கு கூடுதலாக, 5.8 × 10⁶ என்று வந்தால்? அது β. ஐடியல் வாயுவுக்கு β = 1/T, அந்த T கெல்வினில். 1/363-க்குப் பதிலாக 1/90 போட்டிருக்கிறீர்கள். இந்தத் தப்பு ஆபத்தானது, ஏனென்றால் Gr நம்பும்படியான எண்ணாகவே இருக்கும். கடைசியில் நாலாம் மூலம் எடுக்கும்போது h வெறும் 40 சதவீதம்தான் ஏறும், 7.9-க்குப் பதில் 11.2 வரும், யாருக்கும் சந்தேகமே வராது. விடையைப் பார்த்துப் பிடிக்க முடியாத தப்பு இது ஒன்றுதான், எழுதும்போதே பிடிக்க வேண்டும்.

பிறகு Gr-ஐ பிராண்டில் எண்ணால் பெருக்கினால் ரேலீ எண் 9.9 × 10⁵, கிடைமட்டக் குழாய்க்கு இந்த வரம்பில் Nu = 0.48 Ra^0.25, ஆக Nu = 15.1. அதிலிருந்து h = Nu·k/D = 15.1 × 0.03128 / 0.06 = 7.9. இங்கே வரும் k காற்றினுடையது. குழாயின் இரும்புக்கான 45-ஐப் போட்டால் h பதினொன்றாயிரத்தைத் தாண்டும். காற்றின் இயற்கைச் சலனத்தில் h பொதுவாக 5-இலிருந்து 15-க்குள் இருக்கும் என்பதை மனதில் வைத்தாலே போதும்.

அப்புறம் ஒன்று. உங்கள் விடை 7.9, நண்பரின் விடை 8.8 என்றால் பதற வேண்டாம். காற்றுக்கென்றே சுருக்கி எழுதிய h = 1.32 (ΔT/D)^0.25 என்ற சூத்திரம் இதே குழாய்க்கு 8.8 தரும். சோதனைகளிலிருந்து எடுத்த சூத்திரங்களுக்குள் இந்த அளவு வித்தியாசம் இயல்பு. எந்தச் சூத்திரம், எந்த ரேலீ வரம்பு என்பதை விடைத்தாளில் எழுதிவிடுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டு.

அறிகுறி: இன்சுலேஷனுக்குப் பிறகு 33 வரவில்லை

இந்தப் பகுதியில் வெளிப்பரப்புக்கு சேர்ந்த h = 10 W/m²K, கிளாஸ் வுல் k = 0.04 W/mK என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு தடைகள், வரிசையில்:

```
R1 = ln(r2/r1) / (2πkL)   = ln(70/30) / (2π × 0.04 × 1) = 3.37 K/W
R2 = 1 / (h × 2π r2 L)    = 1 / (10 × 2π × 0.07 × 1)    = 0.227 K/W
Q  = 120 / (3.37 + 0.227) = 33.3 W
```

71 வந்தால் ln பட்டனுக்குப் பதில் log பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டும் கால்குலேட்டரில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, கேட் தேர்வின் திரைக் கால்குலேட்டரிலும் இரண்டும் உண்டு. log எடுத்தால் R1 2.303 மடங்கு சிறுத்துவிடும். R2 மாறாது என்பதால் விடை சரியாக 2.303 மடங்கு ஏறாது, கொஞ்சம் குறைவாக, 2.13 மடங்கு ஏறும். ஒரே ஒரு அடுக்கும் இரண்டு பக்கமும் தெரிந்த வெப்பநிலையும் உள்ள கணக்கில் மட்டும் 2.303 அப்படியே தெரியும்.

51 வந்தால் தடிமனை விட்டத்தோடு ஒரு முறை மட்டும் கூட்டி, 60 + 40 = 100 mm என்று வெளிவிட்டத்தை எடுத்திருக்கிறீர்கள். இன்சுலேஷன் இரண்டு பக்கமும் இருக்கிறது, வெளிவிட்டம் 140. இதற்கு என் வழக்கம் என்னவென்றால், எடுத்த எடுப்பில் விட்டத்தைப் பாதியாக்கி r1 = 30 என்று எழுதிவிடுவது, அதன்பிறகு விட்டம் என்ற சொல்லையே அந்தக் கணக்கில் தொடுவதில்லை.

22 அல்லது 48 வந்தால் சமதளச் சுவரின் ஃபார்முலாவான L/kA-ஐப் போட்டிருக்கிறீர்கள். உள்பரப்பை எடுத்தால் 22, வெளிப்பரப்பை எடுத்தால் 48, சரியான விடை நடுவில் எங்கோ. வெப்பம் வெளியே போகப் போக அது கடக்கும் பரப்பு விரிந்துகொண்டே போகிறது, அந்த விரிவைத்தான் ln பிடிக்கிறது. குழாயின் ஆரத்தோடு ஒப்பிட்டால் இன்சுலேஷன் மெல்லியது என்றால் இரண்டு ஃபார்முலாவும் கிட்டத்தட்ட ஒன்றையே தரும். இங்கே 30 mm ஆரத்தின்மேல் 40 mm என்பதால் வேறுபாடு இவ்வளவு.

ln-க்குள் 70/30 என்று மில்லிமீட்டரிலேயே போடலாம், விகிதம் என்பதால் அலகு அடிபட்டுவிடும். ஆனால் அதே r2 அடுத்த வரியில் R2-வில் தனியாக வருகிறது, அங்கே 0.07 என்றே போக வேண்டும். முதல் வரியில் 70 வேலை செய்தது என்ற தைரியத்தில் இரண்டாவது வரியிலும் 70 போட்டால் R2 ஆயிரத்தில் ஒரு பங்காகி 0.000227 என்று காணாமலே போய்விடும், Q 35.6 வரும். 33-க்கும் 35.6-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் தப்பு ஒளிந்துகொள்ளும்.

அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, இரண்டே வரி. இன்சுலேஷனின் வெளிப்பரப்பு வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள்: 30 + 33.3 × 0.227 = 37.6°C. கை வைக்கலாம், லேசான சூடு. மேலே சொன்ன தப்பான R2-வை வைத்தால் 30.008°C வரும், அதாவது சூடான குழாய்மேல் சுற்றிய இன்சுலேஷன் அறைக் காற்றைவிடச் சூடாகவே இல்லை. அப்படியானால் வெப்பம் எதனால் காற்றுக்குப் போகிறது? அங்கே பிடிபடும். 150-க்கு மேலே வந்தாலும் 30-க்குக் கீழே வந்தாலும் அதே சந்தேகம்தான்.

குழாயின் உலோகச் சுவரையும் உள்ளே நீராவிப் பக்கத் தடையையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சோம்பலால் அல்ல. 4 mm தடிமன் உள்ள எஃகுச் சுவருக்கு, k = 45 என்று எடுத்தால், தடை 0.0005 K/W, கிளாஸ் வுல்லின் 3.37-க்கு முன்னால் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. "குழாய்ச் சுவரின் தடை புறக்கணிக்கப்படுகிறது" என்று வெறுமனே எழுதுவதைவிட இந்த எண்ணோடு எழுதினால் அனுமானத்துக்கு ஆதாரம் கிடைக்கிறது. மற்ற அனுமானங்கள்: நிலையான நிலை, வெப்பம் ஆரத் திசையில் மட்டும், k மாறாதது, குழாய்க்கும் இன்சுலேஷனுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. கடைசி அனுமானத்தைவிட நிஜத்தில் முதலில் உடைவது வேறொன்று: மழையிலோ கசிவிலோ நனைந்த கிளாஸ் வுல். தண்ணீரின் k சுமார் 0.6, அது இழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைப் பிடித்துவிட்டால் 0.04 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அறிகுறி: இன்சுலேஷன் போட்டதும் இழப்பு கூடுகிறது

இது எப்போதும் தப்பு இல்லை. கிரிட்டிக்கல் ஆரம் k/h, இங்கே 0.04/10 = 0.004 m, அதாவது 4 mm. நம் குழாயின் ஆரம் 30 mm, ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது, எனவே இங்கே இழப்பு கூடினால் கணக்கில்தான் பிழை. 1 mm ஆரமுள்ள மின்கம்பிமேல் பிளாஸ்டிக் உறை போடும் கணக்கில் கூடினால் அது சரியான விடை, அங்கே k சுமார் 0.15 என்றால் கிரிட்டிக்கல் ஆரம் 15 mm. கோளத்துக்கு 2k/h என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: குழாயில் வினாடிக்கு 9 கிலோ நீர் சேர்கிறது

கேள்வியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் இப்படி இருக்கும்: இன்சுலேஷன் இல்லாத இந்தக் குழாய் 50 மீட்டர் நீளம் என்றால், மணிக்கு எவ்வளவு நீராவி தண்ணீராகிறது? இழப்பு 380 × 50 = 19,000 W. 150°C தெவிட்டிய நீராவியின் மறை வெப்பம் 2114 kJ/kg.

19,000-ஐ 2114-ஆல் வகுத்தால் 9 வரும், கை தானாகவே kg/s என்று எழுதிவிடும். மேலே வாட், கீழே கிலோஜூல். 19 kW என்று மாற்றி வகுத்தால் 0.009 kg/s, அதை 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 32 கிலோ. வினாடிக்கு 9 கிலோ என்றால் மணிக்கு 32 டன், 60 mm குழாயில் அது நடக்காத காரியம். பழைய புத்தகக் கணக்குகளில் kJ/hr வரும், அதை வாட் ஆக்க 3.6-ஆல் வகுக்க வேண்டும். இன்னும் பழையவற்றில் கடத்துதிறன் kcal/hr·m·°C-இல் இருக்கும், அதை 1.163-ஆல் பெருக்கினால் W/mK. விடை 16 சதவீதம் மட்டும் தள்ளி நின்றால் இந்த 1.163-ஐச் சந்தேகப்படுங்கள்.

இன்சுலேஷன் போட்ட பிறகு இதே 50 மீட்டருக்கு இழப்பு 1,665 W, தண்ணீராவது மணிக்கு சுமார் 2.8 கிலோ.